பிரேசர் டவுனில் இருந்தபடி தோட்டத்துத் தண்ணீருக்குக் கணக்கு எழுதுவது எப்படி?

வீடு பிரேசர் டவுன் மாஸ்க் ரோட்டில். தோட்டம் 40 கிலோமீட்டர் தள்ளி மாலூர்ப் பக்கம். ஒரு போர், இரண்டு ஏக்கர் தக்காளி. வாரா வாரம் தண்ணீர் அறிக்கை எழுத நினைக்கும் முதலாளிகளுக்குச் சில யோசனைகள்.

1. மோட்டார் தகட்டில் உள்ள பெரிய எண்ணை மட்டும் நம்புங்கள். மணிக்கு 10,000 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். தோட்டக்காரர் நோட்டில் தினம் 5 மணி நேரம், 6 நாள். ஆக 3,00,000 லிட்டர். தண்ணீர் மட்டம் மேலே இருந்தால்தான் அந்த எண் கிடைக்கும் என்பதை மறந்துவிடுங்கள். யாராவது 200 லிட்டர் டிரம்மைக் குழாயடியில் வைத்து, "100 விநாடியில் நிரம்புதுங்க, மணிக்கு 7,200தான் வருது" என்றால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

2. டிரம்மை இரண்டாம் முறை வைக்க விடாதீர்கள். மூன்று மணி நேரம் ஓடியதும் ஊற்று ஈடுகொடுக்காது. குழாய் காற்றும் தண்ணீருமாகத் துப்பும். அப்போது அதே டிரம் நிரம்ப 200 விநாடி ஆகும். தினம் முதல் மூன்று மணி நேரம் என்று ஆறு நாளுக்கு வரும் 18 மணி நேரத்துக்கு 7,200 வீதமும் மிச்ச 12 மணி நேரத்துக்கு 3,600 வீதமும் போட்டால் 1,72,800 லிட்டர்தான் தேறும். அறிக்கையின் அழகே கெட்டுவிடும்.

3. மழையைப் பால்கனியில் நின்று அளவிடுங்கள். கோடை இடிமழை இங்கே கொட்டி, அல்சூரில் தூறாமலும் போகும். மாலூரில் மட்டும் உங்களைக் கேட்டுத்தான் பெய்யும். மழைமானியைத் தோட்டத்தில் வைத்தால் தினம் காலை 8.30க்கு ஒருவர் பார்த்து எழுத வேண்டும். ஞாயிறு சாயங்காலத்து மழை திங்கள் காலைக் குறிப்பில் ஏறும். அது எந்த வாரத்து மழை என்ற தகராறு வேறு.

4. ஒரு சொட்டையும் விடாமல் கூட்டுங்கள். இரண்டு ஏக்கரில் 1 மி.மீ. என்பது சுமார் 8,100 லிட்டர். உங்கள் 3,00,000 லிட்டர் 37 மி.மீ. ஆகிறது. மழை 12 மி.மீ. சேர்த்தால் 49. விவரம் தெரிந்தவர் போர்த் தண்ணீரை 21 என்பார். மழையிலும் ஒரே இரவில் பெய்த 9ஐ மட்டும் எடுத்துக்கொண்டு, மூன்று நாள் தூறிய 3ஐ இலையை நனைத்துக் காய்ந்தது என்று தள்ளிவிடுவார். அவர் கணக்கு 30. செடி வாடுகிறதே என்று கேட்டால், 49 மி.மீ. குடித்த செடிக்கு நோய்தான் என்று மருந்தடிக்கச் சொல்லுங்கள்.

5. இந்த முறையைக் கடைசிவரை மாற்றாதீர்கள். போர் வற்ற வற்ற, வயல் நனைய மோட்டார் இன்னும் அதிக நேரம் ஓட வேண்டியிருக்கும். நோட்டில் மணி கூடும். மணி கூடினால் உங்கள் அறிக்கையில் லிட்டரும் கூடும். போர் கைவிடுகிற வாரத்தில்தான் உங்கள் தோட்டத்துக்கு வரலாறு காணாத தண்ணீர் பாய்ந்திருக்கும்.