உணவே மருந்தாம்ப்பா!

என் முதுகுக்குப் பின்னால ‘உணவே மருந்து’ன்னு பேனர் கட்டியிருக்கான் ஆபீஸ் தம்பி. வேற ஊர்னா சரி. நம்ம சிவகாசியில மருந்துன்னா வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர். இதை இங்க எழுதி வைக்கலாமா? சனங்க அப்படியே கடைப்பிடிக்குதே!

நேத்து மத்தியானம் ஒரு மருமகன் பக்கத்துல சாப்பிட உட்கார்ந்தேன். பேர் சொல்ல மாட்டேன். இப்பக் குனிஞ்சு செருப்பைப் பார்க்கிறவருதான். மருந்து செலுத்தின கையை வாளியில முக்கினாரு, கைலியில துடைச்சாரு. அவருக்கு முன்னாடி எட்டுப் பேரு அதே வாளியில முக்கியாச்சு. கைலியும் காலையில இருந்து அவரோட சேர்ந்துதான் வேலை பார்த்துச்சு. பிசைஞ்ச தயிர்சோறு ஃபேன்சி ரகம் மாதிரி மினுங்குச்சு.

கேட்டா, “துண்டு ரேட்டு அண்ணாச்சி, கை கழுவ ஏது நேரம்?”ங்கிறாரு. சோப்புப் போட்டுத் தேய்க்க ஒரு சின்னக் கம்பி மத்தாப்பு எரிஞ்சு அணையுற நேரம் போதும் மாப்ளே. வயித்தால போய் ரெண்டு நாள் படுத்தா எத்தனை கட்டு குறையும்னு கணக்குப் போடும்.

பச்சைத் தண்ணி ஏன் பத்தாது? தகடு தகடா இருக்கிற அலுமினியப் பவுடர் மேல கொழுப்புப் பூச்சு உண்டு. தண்ணி வழுக்கிட்டு ஓடிரும். சோப்புதான் அதைப் பிரிக்கும். முதல்ல மேல்சட்டையைக் கழட்டணும். அப்புறம் ஓடுற குழாயில விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு. கடைசியா வாயைக் கொப்பளிச்சுத் துப்பணும். சானிடைசர் தேய்க்கிற படிச்ச பிள்ளைகளே, அது கிருமியைக் கொல்லும், பவுடரை அசைக்காது. அதுவுமில்லாம அது தீப்பிடிக்கிற சாமான். நம்ம ஷெட்டுக்கு அது ஒண்ணுதான் குறைச்சல்!

கழுவியாச்சான்னு எப்படித் தெரியும்? ஈர வெள்ளைத் துணியில நகத்தைத் துடைச்சுப் பாருங்க. சாம்பல் பூத்தா, குழாய் இன்னும் உங்களைக் கூப்பிடுதுன்னு அர்த்தம்.

தாயிகளுக்கு ஒண்ணு. விடியுமுன்னே எல்லாருக்கும் பொங்கி வச்சிட்டு, நீங்க மட்டும் வெறும் வயித்தோட வேன் ஏறுறீங்க. பத்து மணிக்குக் கண்ணு இருட்டுனா, கழுவாத கையோட வடைக்குப் பாயச் சொல்லும். வீட்டுலயே ஒரு செம்பு கம்மங்கூழு, மோரும் உப்பும் போட்டுக் குடிச்சிட்டு ஏறுங்க. அப்புறம் டீ வர்ற வரைக்கும் வயிறு பொறுக்கும். கையைக் கழுவவும் பொறுமை இருக்கும். வெத்தலை போடுற ஆத்தாமாரே, ஷெட்டுக்குள்ள மடியை அவிழ்க்காதீங்க. சுண்ணாம்பு தடவுற விரல்லதான் மருந்தும் இருக்கு.

சனிக்கிழமை சம்பளம் வாங்கிட்டு விருதுநகர் எண்ணெய் புரோட்டாவுக்குப் போற மருமக்களை நான் தடுக்கலை. நானும் போறவன்தான். நாலை ரெண்டாக்குங்க, கையை ஒருக்கா கழுவுங்க.

கூட்டம் முடிஞ்சதும் வடையாம். நான் குழாயடிக்குப் போறேன். வரிசை எனக்குப் பின்னால. தம்பி, அந்தப் பேனரையும் அவுத்துட்டு வா. எழுத்தை மாத்துவோம்: ‘உணவு வேற, மருந்து வேற.’