மயூர் விஹாரில் ரவுட்டர், சிங்கப்பூரில் பூட்டு

மயூர் விஹார் வாசகி: வெளிநாட்டிலிருந்து வீட்டுக் கோப்புகளைப் பார்க்க, ரவுட்டரிலேயே விபிஎன் சர்வர் வைக்கப் போகிறோம். 2022-இல் வந்த அரசு உத்தரவு இதற்கும் பொருந்துமா?

பொருந்தாது. டெல்லியிலுள்ள சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று போட்ட உத்தரவு, பொதுமக்களுக்கு விபிஎன் சேவை தருபவர்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் சேமித்து வைக்க வேண்டும் என்றது. எக்ஸ்பிரஸ்விபிஎன், நார்ட்விபிஎன் போன்ற நிறுவனங்கள் இந்தியாவிலிருந்த சர்வர்களையே எடுத்துவிட்டன. மயூர் விஹார் சர்வரின் மொத்த வாடிக்கையாளர்கள் உங்கள் வீட்டார்தான்.

அதே வாசகி: ரவுட்டரில் வயர்கார்டு ஓடுகிறது. வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் சோதித்தால் போனில் சாவிப்படம் வருகிறது, கோப்பு வரவில்லை. ஏன்?

சாவிப்படத்தை நம்பக் கூடாது. எதிர்முனையிலிருந்து பதிலே வராவிட்டாலும் வயர்கார்டு ஆப் அதைக் காட்டும். ஆப்பில் அந்த இணைப்பைத் திறந்து, `Latest handshake` நேரம் தெரிகிறதா, பெறப்பட்ட டேட்டா பூஜ்யத்திலேயே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பூஜ்யம் என்றால் போன் தட்டிய கதவு பெரும்பாலும் வீட்டுக் கதவே அல்ல.

அடுத்து ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் WAN IP-ஐப் பார்க்க வேண்டும். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் ஒன்றோடு தொடங்கினால் காரணம் பிடிபட்டுவிட்டது: சிஜிநாட். பொது ஐபி முகவரிகளுக்குத் தட்டுப்பாடு என்பதால், பிராட்பேண்ட் நிறுவனம் பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைக்கிறது. உள்ளிருந்து வெளியே போவதில் தடையில்லை. வெளியிலிருந்து 51820 போர்ட்டுக்கு வருவது எந்த வீட்டுக்கு என்றுதான் நிறுவனத்தின் கருவிக்குத் தெரியாது. வீட்டு ரவுட்டரில் எத்தனை முறை போர்ட் ஃபார்வர்டிங் செய்தாலும் இது தீராது.

தீர்வு, நிறுவனத்திடம் கட்டணம் கட்டி ஸ்டாட்டிக் ஐபி வாங்குவது. கிடைக்காவிட்டால் டெய்ல்ஸ்கேல் போன்ற சேவை உண்டு. அதில் வீட்டுக் கருவியே முதலில் வெளியே பேசுவதால் சிஜிநாட் குறுக்கே நிற்பதில்லை. ஐபிவி6 வழியும் இருக்கிறது. ஆனால் தங்கப்போகும் ஓட்டலிலும் ஐபிவி6 இருந்தாக வேண்டும், அதை நம்பிக் கிளம்ப முடியாது.

கரோல் பாக் வாசகர்: சிங்கப்பூர் ஓட்டலில் `Latest handshake` சரியாகவே வருகிறது. வீட்டு ஹார்ட் டிஸ்க் மட்டும் திறக்கவில்லையே?

வீட்டிலும் 192.168.1.x, ஓட்டலிலும் 192.168.1.x. வீட்டு டிஸ்க்கின் 192.168.1.20-ஐ லேப்டாப் ஓட்டல் வைஃபைக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கிறது. கிளம்பும் முன்பே வீட்டு ரவுட்டரில் யாரும் அதிகம் வைக்காத வரிசைக்கு, உதாரணமாக 192.168.73.x-க்கு, மாற்றிவிட வேண்டும். லேப்டாப்பிலும் போனிலும் எழுத வேண்டியது:

```
AllowedIPs = 192.168.73.0/24
```

இப்படி எழுதினால் வீட்டுக் கோப்புகள் மட்டும் டெல்லி வழியாக வரும், மற்ற இணையம் ஓட்டலிலிருந்து நேராகப் போகும்.

ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சாவி அவசியம். போன் ரயிலில் தொலைந்தால், லேப்டாப் வழியாக வீட்டு ரவுட்டருக்குள் போய் அந்தப் போனின் `Peer` பதிவை மட்டும் நீக்கினால் போதும், மற்றவர்களின் இணைப்பு அறுபடாது.