கனவுக்கும் ஒரு வவுச்சர்

கனவுக் குறிப்பு எழுத நினைப்பவனுக்கு முதல் எதிரி காபி. "என்னங்க, காபி ஆறுது" என்று அடுக்களையிலிருந்து ஒரு குரல் வந்தால் போதும். அம்பாரி வைத்த யானைமேல் போய்க்கொண்டிருந்த நான் வெறும் கட்டிலில் கிடப்பேன். யானை எந்தப் பக்கம் போயிற்று என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

கனவைப் பிடித்து வைக்க ஒரே வழி, விழித்ததும் அசையாமல் கிடப்பதுதான். கண்ணைத் திறக்கக் கூடாது, புரளக் கூடாது, இன்று கரண்ட் பில் கடைசி நாள் என்று நினைக்கவே கூடாது. கையில் அகப்படுவது பெரும்பாலும் கடைசிக் காட்சியாக இருக்கும். 'இதற்கு முன்னால் எங்கே இருந்தேன்?' என்று அதிலிருந்து ஒவ்வொரு காட்சியாகப் பின்னோக்கிப் போக வேண்டும். வால் அகப்பட்ட பிறகுதான் பென்சிலை எடுக்க வேண்டும். இந்த விதிமுறையை வீட்டில் விளக்கியபோது, "முழிச்சுட்டு முழிக்காத மாதிரி கிடக்கிறதுக்கு இப்படியும் ஒரு பேரா?" என்றாள் மனைவி.

இந்தக் கஷ்டம் எனக்கு மட்டும் வந்ததல்ல. மேரி விட்டன் கால்கின்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், ராத்திரியில் வெவ்வேறு நேரங்களுக்கு அலாரம் வைத்து எழுந்து தன் கனவுகளை எழுதி, 1893-இல் கட்டுரையாக வெளியிட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் காகிதம், பென்சில், மெழுகுவத்தி, தீப்பெட்டி எல்லாம் தயாராக இருக்கும். மெழுகுவத்தியை ஏற்றக் கையை நீட்டும் அசைவிலேயே சில சமயம் கனவு கலைந்துவிடும் என்று அவரே எழுதியிருக்கிறார். நமக்கு மெழுகுவத்தி வேண்டாம், ஆனால் அதைவிட மோசமானது தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கனவைப் பதிவு செய்யலாம் என்று செல்போனைத் திறந்தால், குடும்பக் குழுவில் யாரோ அனுப்பிய ரோஜாப்பூ காலை வணக்கம் கனவின் இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும். எனவே நோட்டும் பென்சிலும்தான். பென்சிலைக் கட்டில் காலில் நூல் போட்டுக் கட்டிவிட வேண்டும்.

எங்கள் வீட்டில் கனவுத்துறை ஏற்கெனவே மாமியார் வசம் இருந்தது. யானை வந்தால் செல்வம், பல் விழுந்தால் கெடுதல், செத்துப் போனதாகக் கனவு கண்டால் ஆயுசு கெட்டி. பஞ்சாங்கம் கையில் இல்லாமலே தீர்ப்பு வரும். "விடியக்காலக் கனவுதான் மாப்பிள்ளை பலிக்கும்" என்பார். பலிப்பது இருக்கட்டும், விடியற்காலைக் கனவுக்கு ஒரு தனி மதிப்பு உண்டு என்பதில் விஞ்ஞானமும் அவர் பக்கம்தான். தூங்குகிறவரின் கண்கள் மூடிய இமைக்குள் விறுவிறுவென்று ஓடும் நேரம் ஒன்று உண்டு என்று 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்து அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் எழுதினார்கள். அந்த நேரத்தில் எழுப்பினால் பெரும்பாலோர் கனவு சொல்கிறார்கள். ஏறக்குறைய தொண்ணூறு நிமிடங்களுக்கு ஒருமுறை வரும் இந்தக் கட்டம் முன்னிரவில் சில நிமிடங்களில் முடிந்துவிடும். விடியும் நேரத்தில் அரை மணி வரைகூட நீளும். நீளமான கனவு, உடனே விழிப்பு என்பதால் அதுதான் நினைவில் நிற்கிறது. இதற்காக நடுராத்திரியில் அலாரம் வைத்து எழ வேண்டாம். கால்கின்ஸ் செய்தது ஆராய்ச்சி. நாம் செய்தால் மறுநாள் அலுவலகத்தில் தூங்குவோம்.

நான் தணிக்கைப் பிரிவில் வேலை பார்ப்பவன். வவுச்சர் இல்லாத செலவை நம்பாத புத்தி கனவிலும் விடவில்லை. அதனால் நோட்டில் என்ன எழுத வேண்டும் என்பதற்கும் ஒரு வரிசை வைத்திருக்கிறேன். முந்தின இரவு படுக்கும்போதே தேதி போட்டு, அன்று நடந்ததை ஒரே வரியில் எழுதிவிடுவேன்: யாரைப் பார்த்தேன், என்ன சாப்பிட்டேன், மாத்திரை ஏதாவது மாறியதா. ரத்த அழுத்த மாத்திரைகளிலேயே சில வகை கனவைக் கலர் படமாக்கிவிடும்; அது தெரியாமல் கனவுக்குப் பலன் பார்ப்பதில் அர்த்தமில்லை. காலையில் முதலில் எழுதுவது கதை அல்ல, உணர்ச்சி. அதற்குப் பிறகுதான் இடம், ஆட்கள், நடந்தது. அர்த்தம் எழுத இடமே விடவில்லை. அது மாமியாரின் இலாகா.

உணர்ச்சியை ஏன் முதலில் எழுத வேண்டும் என்பதற்கு ஒரு பதிவைக் காட்டுகிறேன். பழைய பள்ளிக்கூடம். கணக்குப் பரீட்சை. எனக்கு மேலே சட்டை இருக்கிறது, கீழே வேட்டி இல்லை. மேற்பார்வையாளராக எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி. கேள்வித்தாளில் பேருந்து நேரங்கள் அச்சிட்டிருக்கின்றன. நான் கூடுதல் தாள் கேட்கிறேன். அண்ணாச்சி, "பழைய பாக்கி இருக்கு" என்கிறார்.

இதைப் படித்த மகள், "பாவம்ப்பா, ரொம்பப் பயந்துட்டீங்களா?" என்றாள். உண்மையில் அந்தக் கனவில் எனக்குப் பயமே இல்லை. நோட்டில் முதல் வரி இப்படி இருந்தது: 'கோபம் 2, மகிழ்ச்சி 1, அச்சம் 0.' வேட்டி இல்லாதது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. பாக்கியை ஊர் அறியச் சொல்லிவிட்டாரே என்ற கோபமும், எல்லா விடையும் தெரியும் என்ற பெருமையும்தான். கதையை முதலில் எழுதியிருந்தால், நானே பிறகு படித்துப் பார்த்து 'பரீட்சை, வேட்டி இல்லை, நிச்சயம் பயந்திருப்பேன்' என்று போட்டிருப்பேன். கனவு கண்டவர் தன் உணர்ச்சிக்குத் தானே மதிப்பெண் போடுவதையும், எழுதியதைப் படித்து வெளியார் போடுவதையும் ஒப்பிட்ட ஆய்வுகள் உண்டு. கண்டவர் போடும் பட்டியலில்தான் சந்தோஷம் கூடுதலாகத் தெரிகிறது. எழுதும்போது நாம் சம்பவத்தை எழுதுகிறோம், சந்தோஷத்தை எழுத விட்டுவிடுகிறோம்.

உணர்ச்சிகளின் பெயர்களுக்கு நான் அலையவில்லை. ஹால், வான் டி கேசில் என்ற இருவர் கனவுகளை எண்ணிப் பார்க்க 1966-இல் ஒரு முறை வகுத்துப் புத்தகம் போட்டார்கள். அதில் உணர்ச்சிக்கு ஐந்தே தலைப்பு: கோபம், அச்சம், மகிழ்ச்சி, சோகம், குழப்பம். நான் ஒவ்வொன்றுக்கும் சைபரிலிருந்து மூன்று வரை போடுகிறேன். கனவுக்குள் இருந்தது தனியாக, விழித்ததும் வந்தது தனியாக. இரண்டும் வேறு. ஆனந்தமாகப் பறந்துவிட்டு, விழித்ததும் 'ஐயோ, முடிந்துவிட்டதே' என்று சோகப்படுவதுண்டு. இரண்டையும் கலந்து எழுதினால் பறந்ததும் சோகக் கனவாகிவிடும்.

சில மாதங்கள் கழித்து நோட்டை எண்ணிப் பார்த்தால்தான் வேடிக்கை. ஞாயிற்றுக்கிழமை மற்ற நாளைவிடக் கனவு மிக அதிகம் என்று தெரிந்தது. ஓய்வு நாளில் மனம் விடுதலை பெறுகிறது என்று ஒரு தத்துவம்கூடத் தயாரித்து வைத்திருந்தேன். காரணம் வேறு. ஞாயிறு அன்று அலாரம் கிடையாது, அசையாமல் கிடக்க அனுமதி உண்டு. கனவு கூடவில்லை, பதிவு கூடியிருக்கிறது. அதனால் 'ஞாபகம் இல்லை' என்ற காலைகளையும் தேதி போட்டு எழுதியே ஆக வேண்டும். வெறும் பக்கம் இருந்தால் கனவு வரவில்லையா, எழுதச் சோம்பலா என்று பின்னால் சொல்ல முடியாது.

அடுத்தது, நினைவு சொல்லும் கணக்கு வேறு, நோட்டு சொல்லும் கணக்கு வேறு. எனக்கு அடிக்கடி வருவது பரீட்சைக் கனவு என்று சத்தியம் செய்திருப்பேன். எண்ணினால் அது அபூர்வம். அதிகம் வந்தது, சொல்லவே கூச்சம், கழிப்பறை தேடும் கனவு. பேருந்து நிலையம், கல்யாண மண்டபம், ஒருமுறை கலெக்டர் அலுவலகம். எங்கும் கதவு பூட்டியிருக்கும் அல்லது கதவே இருக்காது. மாமியார், "தண்ணி சம்பந்தப்பட்டதெல்லாம் பண வரவு" என்றார். நான் முந்தின இரவு வரிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அந்தக் கனவுகளில் பாதிக்கு மேல், ராத்திரி ஒன்பதுக்கு மேல் இரண்டாவது டீ குடித்த நாட்களைச் சேர்ந்தவை. இரண்டு வாரம் அந்த டீயை நிறுத்தினேன், கனவும் ஏறக்குறைய நின்றது. மறுபடி குடித்தேன், மறுபடி மண்டபம் மண்டபமாக அலைந்தேன். பண வரவு மட்டும் எந்த வாரத்திலும் இல்லை.

எல்லாக் கனவும் இப்படி மறுநாளே கணக்குக் காட்டாது. நடந்த ஒன்று அன்றிரவே கனவில் வரலாம். வராமல் ஐந்து முதல் ஏழு நாள் கழித்து வருவதும் உண்டு என்று கனவு ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். எனவே ஒரு கனவுக்கு நேற்றைய வரியை மட்டும் புரட்டாமல் போன வாரத்தையும் புரட்ட வேண்டும். இன்னொரு வில்லங்கம் மார்ச் மாதம். போன மார்ச்சில் நான் பழைய வாடகை வீட்டுக்குள் சாவியைத் தேடித் திரிந்த கனவுகள் நிறைய; எல்லாவற்றிலும் 'குழப்பம் 3'. ஆண்டுக் கணக்கு முடிக்கும் வேலைதான் காரணம் என்று சொல்ல ஆசை. ஆனால் ஒரே ஒரு மார்ச்சை வைத்து வழக்கம் என்று எழுதினால் என் மேலதிகாரி ஒப்ப மாட்டார். இன்னும் ஒரு மார்ச் வர வேண்டும்.

பலிக்கும் கனவுகளுக்கும் இந்த நோட்டு பதில் சொல்கிறது. இங்கிலாந்தின் ஜே. டபிள்யூ. டன் என்பவர் கனவு வருங்காலத்தைக் காட்டும் என்று நம்பி 1927-இல் புத்தகம் எழுதினார். அதைச் சோதிக்க நாவலாசிரியர் நபோக்கோவ் 1964-இல் சுவிட்சர்லாந்தில் இருந்தபடி தன் கனவுகளைச் சிறு அட்டைகளில் எழுதினார். முறை நேர்மையானது: சம்பவத்துக்கு முன்பே தேதியோடு எழுதியிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஏதாவது நடந்தால் "நான் அன்னிக்கே கனவுல கண்டேனே" என்று ஒரு குரல் வரும். "தேதி போட்டிருக்கா அத்தை?" என்று கேட்க ஆரம்பித்ததிலிருந்து அந்தக் குரல் குறைந்திருக்கிறது. உபசாரமும் குறைந்திருக்கிறது.

ஒன்றை மட்டும் நோட்டில் எழுதிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. கனவுக் கட்டத்தில் உடம்பின் தசைகள் பெரும்பாலும் செயலற்றுக் கிடக்கும். அதனால்தான் கனவில் ஓடினாலும் கட்டிலில் கிடக்கிறோம். கனவில் யாரையோ உதைத்ததற்குப் பக்கத்தில் படுத்திருப்பவருக்கு நிஜமாகவே அடி விழுவது தொடர்ந்தால், முக்கியமாக ஐம்பது தாண்டியவர்கள், நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கெட்ட கனவு வாரா வாரம் வந்து தூங்கவே பயமாக இருந்தாலும் நோட்டு போதாது, மனநல மருத்துவர் வேண்டும்.

மற்றபடி இந்த நோட்டில் ஆட்களின் பெயரைச் சுருக்கி எழுதுங்கள். நான் மாமியாரை 'மா' என்று குறித்தேன். ஆறு மாதக் கணக்கில் அதிகம் வந்த ஆள் 'மா', பக்கத்தில் பெரும்பாலும் 'அச்சம் 3'. நோட்டை யாரோ படித்திருக்கிறார்கள். நீங்கள் வேறு எழுத்து போடுங்கள்.