ஏனாமுக்குப் போற மாப்ளைக்கு ஒரு கும்பிடு

என்னா மாப்ள, மாத்தல் உத்தரவு வந்ததும் மூஞ்சி இப்படித் தொங்கிப் போச்சு? அந்தமானுக்கா அனுப்பறாங்க? ஏனாமுக்குத்தானடா! அதுவும் நம்ம புதுச்சேரிதான். என்ன, நடுவுல 800 கிலோமீட்டருக்கு மேல அடுத்தவன் ஊரு கிடக்குது. காக்கிநாடாவுல ரயிலை வுட்டு இறங்கி, பஸ்ல ஏறக்குறைய 30 கிலோமீட்டர் போனா கோதாவரிக் கரையில ஊரு.

அங்க தெலுங்குன்னு இப்பத்தான் தெரிஞ்ச மாதிரி அழுவாத. இங்க தமிழு, மாஹேயில மலையாளம், ஏனாமுல தெலுங்குன்னு 1965லயே ஆட்சிமொழிச் சட்டம் போட்டாச்சு. சர்க்கார் உத்தியோகம் வேணும்னு ராத்திரி பகலா படிச்சியே, அது மட்டும் கண்ணுல படலியா?

பீச் ரோட்டுல வெள்ளைக்காரனைப் பார்த்தா 'போன்ழூர்'னு முப்பத்திரண்டு பல்லையும் காட்டற. அவன் நாளைக்குக் கெளம்பிப் போயிடுவான். ஏனாமுல உனக்கு வாடகைக்கு வீடு தரப் போறவனுக்குச் சொல்ல ஒரு வார்த்தை இருக்கா உன்கிட்ட? சரி, உட்காரு. மாமன் சொல்றன்.

'நமஸ்காரமண்டி.' அவ்ளோதான். ஆனா கடைசியில வர்ற 'அண்டி'யை முழுங்கிடாத. உயிரே அதுலதான் இருக்கு. நம்ம பசங்களுக்கு அதுதான் வாயில வராது. ஏன்? வீட்டுல பொண்டாட்டியை 'ஏண்டி'ன்னு கூப்பிட்டுப் பழகின நாக்கு, ஆபீஸ்ல சூப்பிரண்டைப் பார்த்து 'ண்டி' போடக் கூசுது. அங்க அது மரியாதைடா. 'நமஸ்காரம்'னு மொட்டையா நிறுத்தினாத்தான் திமிரு புடிச்சவன்னு நினைப்பாங்க.

சொல்லிட்டு ஓடிடாத, நில்லு. அவங்க சும்மா இருக்க மாட்டாங்க, 'பாகுன்னாரா?'ன்னு திருப்பிக் கேப்பாங்க. நல்லா இருக்கியான்னு அர்த்தம். அங்கதான் நம்மாளு ஆகாசத்தைப் பார்ப்பான். 'பாகுன்னானண்டி, மீரு?'ன்னு சொல்லு. நான் நல்லாருக்கேன், நீங்கன்னு கேட்டாச்சு. உன் கையிருப்பு அதோட காலி.

இப்ப கவனி, ஆபத்தே இனிமேத்தான். நீ சுத்தமாச் சொல்லிட்டா, இவனுக்குத் தெலுங்கு தெரியும்னு நம்பி அவரு மடை தொறந்த மாதிரி பேச ஆரம்பிப்பாரு. நீயும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்குனு இருந்தா, எந்த ஃபைலுக்குச் சம்மதம் சொன்னேன்னு சாயங்காலந்தான் தெரியும். அதனால தலையாட்டறதுக்கு முன்னாடியே, 'நாகு தெலுகு சரிகா ராதண்டி'ன்னு போட்டுடு. எனக்குத் தெலுங்கு சரியா வராதுங்க. அதுக்கப்புறம் இங்கிலீஷோ தமிழோ கைஜாடையோ, எது வேணா ஓடும். ஆனா வரிசையை மாத்தாத. எடுத்த எடுப்புல 'தெலுங்கு வராது'ன்னு ஆரம்பிச்சா, பேச இஷ்டமில்லாதவன்னு அர்த்தம் ஆயிடும். முதல்ல கும்பிடு, அப்புறம் கையிருப்பு, கடைசியிலதான் திவால்.

சினிமாவுல கேட்டேன்னு 'எலா உன்னாவ்'னு எவரையும் கேட்டுத் தொலைக்காத. அது கூட்டாளிப் பசங்களுக்குள்ள பேசறது. பெரியவங்ககிட்ட சொன்னா, 'எப்படிடா இருக்க'ன்னு கேட்ட கணக்கு.

இன்னொண்ணு. நீ ஏதாவது சொன்னா, அந்தப் பக்கத்து ஆளுங்க 'ஆய்'னுவாங்க. கோதாவரிச் சீமை வழக்கம். 'ஆமாங்க'ன்னு பணிவாச் சொல்றது. நம்ம வீட்டுக் குழந்தை எதுக்கு அதைச் சொல்லும்னு உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். சிரிச்சியோ, கெட்ட. பல்லைக் கடிச்சிக்குனு நில்லு.

இதெல்லாம் பண்பாடு, பாசம்னு நான் சொல்லித் தரலடா, மீனுக்காகத்தான். கடல்ல கிடக்கிற உல்லம் மீனு, மழைக்காலத்துல கோதாவரி வெள்ளத்தை எதிர்த்து ஏறி வரும். அங்க அதுக்குப் பேரு புலச. ஒரு மீனு ஆயிரக்கணக்குல போவும். கடல்ல புடிச்சதையே புலசன்னு சொல்லி ஏமாத்தறதும் நடக்கும். தினம் 'நமஸ்காரமண்டி' சொல்ற வெளியூர்க்காரன்கிட்ட மீன்காரம்மா உண்மையைச் சொன்னாலும் சொல்லும். உறுதி கிடையாது. ஆனா, 'ஏ, இது எவ்ளோ?'ன்னு விரலை நீட்டறவனுக்கு எந்த மீனு போவும்னு உறுதியாச் சொல்றன்.

போய்ட்டு வா. அடுத்த மாத்தல் மாஹேக்கு வந்தா, 'அண்டி'யை அங்க எடுத்துக்குனு போயிடாத. அதுக்கு வேற பாடம் இருக்கு, கட்டணமும் வேற.