மட்டாஞ்சேரிக்கு ஒரு மல்லிகைக் கடிதம்

மெல்போர்ன்,
ஐப்பசி மாதம்.

அன்புள்ள அக்காவுக்கு அநேக நமஸ்காரம். இவ்விடம் யாவரும் க்ஷேமம். அவ்விடத்து க்ஷேமத்தையும், அத்திம்பேரின் முழங்கால் வலி எந்த மட்டில் இருக்கிறது என்பதையும் விவரமாக எழுதவும்.

நிற்க. எறணாகுளத்தில் நடந்த கல்யாண வரவேற்புக்குப் புறப்படுமுன் எடுத்தது என்று சொல்லி, உன் பெண் எனக்கு ஒரு படம் அனுப்பியிருக்கிறாள். மூன்று சரம் மல்லிகை பின்னலில் தொங்க, முகத்தை ஜன்னல் பக்கமும் முதுகை நம் பக்கமும் திருப்பிக்கொண்டு நிற்கிறாள். இக்காலத்தில் படமெடுத்துக் கொள்ளும் சம்பிரதாயம் இதுதான் போலும். அதன் அடியில் போடுவதற்கு, மணமும் இருக்க வேண்டும், கனமும் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு, ஒரே ஒரு வரி எழுதித் தரவேண்டும் என்று கேட்டிருக்கிறாள். கடல் தாண்டி வந்து அந்நியர்களுடைய வரவுசெலவுக் கணக்கை எழுதிப் பிழைக்கிற என்னைத் தமிழ் வித்வானாகப் பாவிக்கும் ஜீவன் உலகத்தில் அவள் ஒருத்திதான் என்பதால், விண்ணப்பத்தை உடனே ஏற்றுக்கொண்டேன். ஆனால் கணக்கனுக்கு ரசீதைக் காட்டினாலும் படத்தைக் காட்டினாலும் முதலில் தேதியைத்தான் பார்ப்பான். பார்த்ததில் ஒரு சந்தேகம் கிளம்பிவிட்டது.

ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில் இருக்கிறது. தலையிலிருக்கும் பூவோ ஒன்று விடாமல் மலர்ந்து, சில இதழ்களின் ஓரம் பழுப்பேறியும் இருக்கிறது. இது எப்படிப் பொருந்தும்? நாம் வைத்துக்கொள்ளும் குண்டுமல்லி மொட்டாகவே பறிக்கப்படுவது. விடியுமுன் தொடங்கி வெயில் ஏறுவதற்குள், நன்றாகத் திரண்டு வெளுத்த மொட்டை மட்டும் பார்த்துக் கிள்ளுவார்கள். பச்சை மாறாத மொட்டு மாலையில் மலராமலே வாடிப்போகும். சற்றே வாய் திறந்த மொட்டோ சந்தைக்குப் போய்ச் சேருவதற்குள் நிறம் கெட்டுவிடும். சரியான பருவத்தில் பறித்த மொட்டுத்தான், செடியை விட்டுப் பிரிந்த பிறகும் தன் காரியத்தை மறவாமல், அன்று மாலை ஆறு மணிக்கு மேல் எட்டு மணிக்குள் தானாக விரிந்து, அந்த வேளையில்தான் தன் பரிமளத்தையும் வெளியிடுகிறது. ஆகவே பகல் வெளிச்சத்தில் முழுவதும் விரிந்து நிற்கிற மல்லிகை முந்தின நாள் மல்லிகை என்பது என் தீர்ப்பு. அத்திம்பேர் முதல் நாள் மாலையே வாங்கிவந்து விட்டாரா, அல்லது பூக்காரி அவரைப் பார்த்ததும் பழைய பூவைத் தள்ளிவிட்டாளா என்பதை நீதான் விசாரிக்க வேண்டும்.

பூக்காரியைக் குறை சொல்வதற்கும் இல்லை. கொச்சியின் மல்லிகை கொச்சியில் விளைவதில்லையே. மதுரை, திண்டுக்கல், கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் விடியற்காலையில் பறித்து, அங்கத்துச் சந்தையில் எடை போட்டு, மலையைச் சுற்றிக்கொண்டு நம் ஊர்க் கடைத்தெருவுக்கு வந்து சேருவதற்குள் பகல் பொழுது போய்விடுகிறது. ஆகையால் மாலை வரவேற்புக்குப் போகிறவள் அன்றைய பூவை மொட்டாகவே வைத்துக்கொள்ளலாம். காலை முகூர்த்தத்துக்குப் போகிறவளோ முந்தின நாள் பூவோடு சமாதானம் செய்துகொள்ள வேண்டியதுதான். அப்படி ஒரு ராத்திரி வைத்திருக்க வேண்டி வந்தால், தண்ணீர் தெளிக்காமல், ஈரத்துணியிலோ வாழையிலையிலோ சுற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் மொட்டு விரிவது தாமதப்படும். தண்ணீர் தேங்கிய மொட்டுத்தான் பழுப்பேறும். ஆனால் மறுநாள் மோர்க்குழம்பில் மல்லிகை வாசனை வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

இனி உன் பெண் கேட்ட மணத்தையும் இலேசையும் பார்ப்போம். இவ்விரண்டும் வேறு வேறு குணங்கள் என்று அவள் நினைத்திருக்கிறாள். பூ வைத்துக்கொள்ளும் விஷயத்தில் ஒன்று மற்றொன்றுக்குக் காவல். மல்லிகையின் வாசனையில் இண்டோல் என்ற ஒரு பொருள் சொற்பமாகக் கலந்திருக்கிறது. சொற்பமாக இருக்கும்வரை அதுவே மல்லிகைக்கு மயக்கத்தைக் கொடுக்கிறது, அதையே தனியாகத் திரட்டி முகர்ந்தாலோ துர்நாற்றம். கதவு ஜன்னல் சாத்திய காரில் பெண்கள் ஐந்து பேர் ஆளுக்கு நாலு முழம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், முன்னால் ஓட்டுகிறவனுக்குத் தலைவலி வருவது வாசனை மிகுந்துபோவதால்தான். அவன் சுபாவத்தின் கோளாறு அல்ல. நம் பாட்டி வீட்டில் எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு முழம் என்று கிள்ளிக் கொடுத்ததைக் கஞ்சத்தனம் என்று நாம் நினைத்தோம். பஜார் ரோட்டின் குறுமிளகும் சுக்கும் ஏலமும் சேர்ந்த நெடியைத் தாண்டிக்கொண்டு படகுத்துறைக்குப் போய்ச் சேரும்வரை அந்த ஒரு முழம் தன் மணத்தை விடாமல் காத்ததை நினைத்தால், அவள் கணக்கு சரியான கணக்கு என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

கட்டுவதிலும் இலேசு இருக்கிறது. நனைத்த வாழைநாரில், இரண்டு மொட்டு இந்தப் பக்கமும் இரண்டு மொட்டு அந்தப் பக்கமுமாகக் காம்புகளைச் சேர்த்துப் பிடித்து, ஒரு சுருக்குப் போட்டு இழுக்க வேண்டும். சுருக்கு தளர்ந்தால் பூ உதிரும், இறுகினால் காம்பு ஒடியும். மொட்டோடு மொட்டு நெருங்கக் கட்டினால் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ராத்திரி விரிவதற்கு அவற்றுக்கு இடமிராது. மொட்டு விரியும்போது எவ்வளவு இடம் கேட்கும் என்பதை மதியமே மனத்தில் வைத்துக்கொண்டு கட்டுகிறவளே கை தேர்ந்தவள்.

இங்கே இந்தப் பூவுக்கு ஏற்பட்டிருக்கும் மதிப்பைக் கேட்டால் அத்திம்பேர் இனிமேல் பேரம் பேசமாட்டார். 2025 செப்டம்பரில், இவ்வூர் மலையாளிகளின் சங்கம் நடத்திய ஓணக் கொண்டாட்டத்துக்காக நடிகை நவ்யா நாயர் வந்திருந்தார். அவர் புறப்படுமுன் அவருடைய தகப்பனார் மல்லிகை வாங்கி வந்து, அதை இரண்டாக நறுக்கி, கொச்சியிலிருந்து சிங்கப்பூர்வரை ஒரு துண்டைத் தலையில் வைத்துக்கொள்ளவும், அது வாடிவிடும் என்பதால் சிங்கப்பூரிலிருந்து வைத்துக்கொள்ள மற்றொரு துண்டைக் கைப்பையில் போட்டுக்கொள்ளவும் சொன்னாராம். பூவின் ஆயுளை இவ்வளவு நுட்பமாகப் பிரயாண நேரத்தோடு பொருத்திப் பார்த்த அந்தத் தகப்பனாருக்கு நான் மனத்துக்குள் ஒரு நமஸ்காரம் செய்தேன். ஆனால் கைப்பையிலிருந்த 15 சென்டிமீட்டர் பூவுக்கு மெல்போர்ன் விமான நிலையத்தில் 1,980 டாலர், நம் பணத்தில் ஏறக்குறைய 1.14 லட்சம் ரூபாய், அபராதம் விதித்துவிட்டார்கள். இதை அந்த நடிகையே கொண்டாட்ட மேடையில் வேடிக்கையாகச் சொன்னார். அபராதம் கட்டுவதற்கு முந்தைய நாடகம் என்ற பொருளில் ஒரு தலைப்பும் போட்டுத் தம் படத்தை வெளியிட்டார். பூவும் தலைப்பும் பொருந்திய படம் என்றால் அதுதான்.

சென்டிமீட்டருக்கு 132 டாலர். அந்த வீதத்தில் ஒரு முழம் ஏறத்தாழ 6,000 டாலர் ஆகிறது என்று கணக்குப் போட்டுவிட்டு, உன் பெண்ணின் பின்னலை மறுபடி பார்த்தபோது எனக்குச் சற்று மூச்சடைத்தது. ஆனால் இவர்கள் முழம் போட்டு அளப்பதில்லை. ஒரு தொகையை ஓர் அலகாக வைத்துக்கொண்டு, குற்றத்துக்கு இத்தனை அலகு என்று கணக்கிடுகிறார்கள். 2025 செப்டம்பரில் ஓர் அலகு 330 டாலராக இருந்தது. 1,980 என்பது ஆறு அலகு. விமானத்தில் கொடுக்கும் சீட்டில், செடியோ பூவோ அவற்றின் பாகமோ கொண்டுவருகிறாயா என்று கேட்டிருப்பார்கள். 'ஆம்' என்று குறித்துவிட்டால், பூவை வாங்கிக்கொண்டு போவார்களே ஒழிய, அபராதம் கிடையாது. அபராதம் பூவுக்கு அல்ல, சொல்லாமல் கொண்டுவந்ததற்கு.

இவர்களுக்கு ஏன் இத்தனை பயம் என்று நீ கேட்பாய். மல்லிகை மொட்டுக்குள் புகுந்து தின்னும் புழுவும், மொட்டின் அடியில் முட்டையிடும் சிறு ஈயும் நம் தோட்டக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்தவை. வெள்ளை மொட்டு ஊதா நிறம் பாய்ந்திருந்தால், அல்லது ஊசி குத்தினாற்போல் துளை இருந்தால், அதை அவர்கள் பொறுக்கி எறிந்துவிடுவார்கள். அந்தப் புழு இங்கே வந்து குடித்தனம் வைத்தால், அதை வெளியேற்றுவதற்கு எந்த நீதிமன்றத்தாலும் ஆகாது. இந்த நியாயத்தை அறிந்தபின் எனக்கு இவர்கள்மேல் கோபமில்லை. துணியில் செய்த மல்லிகையைச் சூடிக்கொண்டு நவராத்திரி கொலுவுக்கு வந்த நம்மவர்களைப் பார்த்தபோதுதான் சற்று வருத்தமாக இருந்தது. அந்தப் பூவுக்கு அபராதமும் இல்லை, மாலையில் மலரும் வேலையும் இல்லை.

கடைசியாக, தலைப்பு. 'மணக்கும் மாலைப் பொழுது', 'தலையில் ஒரு பூந்தோட்டம்' என்றெல்லாம் எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். மலர்ந்து முடிந்த பூவைக் காட்டிப் புறப்படுமுன் என்று சொல்வது கணக்கனுக்கு அடுக்காது. அடுத்த விசேஷத்துக்கு அன்றைய மொட்டை வாங்கி, மாலை ஐந்தரை மணிக்கு, ஒரே ஒரு முழம் வைத்து, மறுபடியும் படம் எடுக்கச் சொல். அதன் அடியில் போட வேண்டிய வரி இது: 'பூவும் இன்னும் மலரவில்லை, நாங்களும் இன்னும் புறப்படவில்லை.' மணம் இனிமேல் வரப்போகிறது என்பது அதிலேயே அடங்கியிருக்கிறது.

நீங்கள் எல்லோரும் இங்கே வருவதாக எழுதியிருந்தாயே, தை மாதத்தில் வாருங்கள். மார்கழிப் பனியில் விளைச்சல் குறைந்து, அங்கே மல்லிகை கிலோ ஆயிரக்கணக்கில் விற்கிற காலம் அது. இங்கோ அப்போது கோடைகாலம். ஊரில் கார்த்திகையில் செடியைக் கவாத்து செய்வார்கள். பருவம் தலைகீழான இந்த ஊரில் நான் ஆவணியிலேயே வெட்டிவிட்டேன். குளிரில் சுருண்டுகிடந்த என் தொட்டிச் செடிகள் இரண்டும் இப்போது புதுத் தளிர் விட்டிருக்கின்றன. புதுத் தளிரில்தான் மொட்டு வைக்கும். ஆகையால் பூ வாங்கிவர வேண்டாம். கைப்பையில் ஒரு சரம் தப்பித்தவறி இருந்தாலும், சீட்டில் மறக்காமல் 'ஆம்' என்று குறிக்கும்படி அத்திம்பேரிடம் சொல்லிவை.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி.