முட்லூர் முக்கில் யார் மேல் தப்பு?

கே: பரங்கிப்பேட்டை சாலையிலிருந்து பு.முட்லூரில் மெயின் ரோட்டுக்கு பைக்கில் ஏறினேன். கடலூரிலிருந்து சிதம்பரம் போன கார் அடித்துவிட்டது. பெரிய வண்டி மேல்தானே தப்பு?
– பரங்கிப்பேட்டை வாசகர்

ப: எடை பார்த்துத் தீர்ப்புச் சொல்வது டீக்கடை பெஞ்சு. மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம், யார் வழிவிட வேண்டியவர் என்றுதான் முதலில் பார்க்கும். சிக்னலோ போலீஸோ இல்லாத சந்திப்பில், மெயின் ரோட்டில் போகிறவருக்குக் கிளைச் சாலையிலிருந்து வருபவர் வழிவிட வேண்டும். நின்று பார்க்காமல் ஏறியிருந்தால் பெரும் பங்கு உங்களுடையது.

கே: கார்க்காரர் பறந்து வந்தாரே!
– அதே வாசகர் (விடமாட்டார் போலிருக்கிறது)

ப: அப்படியானால் அவருக்கும் பங்கு உண்டு. சந்திப்பை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்க வேண்டியது மெயின் ரோட்டுக்காரரின் கடமையும்தான். ஒரு கணக்குக்காக, தீர்ப்பாயம் உங்களுக்கு 60, அவருக்கு 40 சதவீதம் என்று பிரிப்பதாக வைத்துக்கொள்வோம். உங்கள் இழப்பு 5 லட்சம் என்றால் கைக்கு வருவது 2 லட்சம். இந்தச் சதவீதத்துக்கு வாய்ப்பாடு கிடையாது. சாட்சியத்தைப் பார்த்து நீதிபதி எடைபோடுவதுதான்.

கே: பின்னால் உட்கார்ந்திருந்த மச்சானுக்கும் 60 சதவீதம் வெட்டா?
– சிதம்பரம் வாசகி

ப: இல்லை. அவர் வண்டி ஓட்டவில்லையே! இரண்டு ஓட்டுநர்களின் தவறால் மூன்றாமவர் அடிபட்டால், முழுத்தொகையையும் இருவரில் யாரிடமும் கேட்கலாம் என்று 2015-இல் கென்யெய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கார் தரப்பு முழுசாகக் கட்டினால், பைக்கின் பங்கைப் பிறகு அவர்கள் வசூலித்துக்கொள்வார்கள். அது அவர்கள் பாடு.

கே: பைக்கில் மூன்று பேர். அதற்கே தப்பு எங்கள் மேல் விழுமா?
– கடலூர் வாசகர்

ப: அபராதம் விழும். ஆனால் மூன்று பேர் போனதால்தான் மோதல் நடந்தது, அல்லது காயம் கூடியது என்று காட்டாமல் இழப்பீட்டில் வெட்ட முடியாது. முகமது சித்திக் வழக்கில் (2020), பின்னாலிருந்து கார் மோதிய பைக்கில் பின்னால் உட்கார்ந்து போய் இறந்தவருக்கான இழப்பீட்டில் உயர் நீதிமன்றம் வெட்டிய 10 சதவீதத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. லைசென்ஸ் இல்லாததும் அப்படித்தான்; அது மட்டுமே விபத்துக்குக் காரணமாகிவிடாது.

கே: எஃப்.ஐ.ஆரில் என் பேர்தான் இருக்கிறது. கதை முடிந்ததா?
– மறுபடியும் பரங்கிப்பேட்டை

ப: முடியவில்லை. எஃப்.ஐ.ஆர். பெரும்பாலும் முதலில் ஸ்டேஷனுக்குப் போனவரின் கதை. தீர்ப்பாயம் சம்பவ இட வரைபடம், பிரேக் தடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, நேரில் பார்த்தவர் சாட்சியம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும். காரின் முன்பக்கம் நசுங்கி, பைக்கின் வலப்பக்கம் அடிபட்டிருந்தால், நீங்கள் குறுக்கே வந்ததற்கு அது சாட்சி. நீண்ட பிரேக் தடம் இருந்தால் அது அவருடைய வேகத்துக்குச் சாட்சி. ஆகவே அடிபட்டவருக்கு 108-ஐ அழைத்த கையோடு, வண்டிகளை நகர்த்துமுன் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.