உடைந்த ஜாடியும் உடையாத பெட்டியும்

விற்பனையாளர் அவர்களுக்கு,

ஐந்து கிலோ பீங்கான் ஊறுகாய் ஜாடி ஒன்று கேட்டிருந்தேன். தாராள மனதோடு ஒன்றைப் பலவாக்கி அனுப்பியிருக்கிறீர்கள். படம் கேட்டீர்கள், அனுப்பினேன். “அட்டைப்பெட்டி நசுங்கவில்லை, ஆகவே வழியில் உடைந்ததாக ஏற்க முடியாது” என்று பதில் வந்திருக்கிறது. பெட்டி நசுங்கினால் கூரியர்காரர் தப்பு, நசுங்காவிட்டால் என் தப்பு. உங்கள் தப்பாக இருக்க வேண்டுமானால் பெட்டி எப்படித்தான் வர வேண்டும், ஐயா?

அதே படங்களை மறுபடி இணைத்திருக்கிறேன். இந்த முறை பார்த்துவிட்டு மறுக்கவும்.

முதலில் முகவரிச் சீட்டோடு பெட்டியின் ஆறு பக்கமும். மூலை மடங்கவில்லை, டேப் பிரியவில்லை, ஒப்புக்கொள்கிறேன். அடுத்தது, திறந்ததும் துண்டுகளைத் தொடாமல் மேலிருந்து எடுத்தது. பக்கத்தில் ஸ்கேல் இருக்கிறது, படித்துப் பாருங்கள்: ஜாடியின் அடிப்பாகத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே 11 செ.மீ. காலி. அதை நிரப்ப ஒரே ஒரு காற்றுப்பை, அதிலும் காற்று இல்லை. அடியில் ஒரு காகிதம்கூடக் கிடையாது. கடைசிப் படம் பெட்டியின் உட்சுவர். பீங்கான் இடித்து இடித்து அட்டையில் பிறை பிறையாகத் தழும்பு விழுந்திருக்கிறது. வெளியே அடி இல்லை, உள்ளே அடி. தூக்கி வந்த பையனை விட்டுவிடுங்கள். நாலு ரூபாய் மிச்சம் பிடித்துக் கட்டியவரைக் கூப்பிடுங்கள்.

நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் டெஸ்பாட்ச் பார்ப்பவன். இரும்பைக்கூட அசையாமல் கட்டை கொடுத்துத்தான் லாரியில் ஏற்றுகிறோம். நீங்களோ பீங்கானை உருள விட்டு, பெட்டிமேல் கண்ணாடிக் கோப்பை ஒன்றை அச்சடித்து, குலதெய்வம் மாதிரி அது காப்பாற்றும் என்று அனுப்பியிருக்கிறீர்கள்.

உங்கள் நிபந்தனை இன்னும் அருமை: “பொருள் சேதமில்லாமல் இருந்தால் மட்டுமே திரும்பப் பெறப்படும்.” உடைந்ததால் திருப்புகிறேன், திருப்ப வேண்டுமென்றால் உடைந்திருக்கக் கூடாது. இதற்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு யோசித்தவரின் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும்.

மின்வணிக விதிகள் 2020-இலேயே வந்துவிட்டன. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மாட்டேன், பணம் தர மாட்டேன் என்று விற்பவர் சொல்லக் கூடாது. புகார் கிடைத்ததென்று உங்கள் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்தில் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அப்படி ஓர் அலுவலர் இருந்தால் அவர் பெயரையும் தெரிவிக்கவும். உங்கள் பக்கத்தில் தேடிப் பார்த்தேன், காணவில்லை.

நீங்கள் எந்த ஊரில் கடை வைத்திருந்தாலும், வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்கிறது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. துண்டுகள், பெட்டி, அந்தக் காற்றுப்போன பை எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

பணத்தை அனுப்புகிறீர்களா, திருவள்ளூருக்கு வருகிறீர்களா?